நீ கேட்டது சரிதான்

வழக்கமாக உன்னைக் கூப்பிடும் பெயரை எழுத இப்போது கை வரவில்லை. அந்த உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியாததால் வெறுமனே ஆரம்பிக்கிறேன்.

நேரில் பேச உட்கார்ந்தால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவேன். நீ கொஞ்சம் இளகுகிறாய் என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். இத்தனை நாளாக அதைத்தான் செய்தேன், அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ இன்றே படிக்க வேண்டும் என்றில்லை, பதிலும் எதிர்பார்க்கவில்லை.

நடந்ததை முதலில் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். 14 மாதங்களுக்கு முன் உனக்குத் தெரியாமல் ஷேர் டிரேடிங்கில் பணம் போட ஆரம்பித்தேன். முதல் சில வாரங்கள் லாபம் வந்தது, அப்புறம் போனது. போனதைப் பிடிக்க ஒரு பர்சனல் லோன், அதுவும் போனதும் இன்னொன்று. அந்த இரண்டுக்கும் தவணை கட்ட மூன்றாவது. நடுவில் நம் இருவர் பெயரிலும் இருக்கும் சேமிப்பிலிருந்து 2 முறை எடுத்தேன். அதில் இப்போது பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருந்தது, அடுத்த மாதம் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். காரணம் இவ்வளவுதான், இதை நியாயமாகச் சொல்லவில்லை.

ஆனால் உன்னை உடைத்தது பணம் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் எழுத உட்கார்ந்ததே அதைப் பற்றித்தான்.

நாலைந்து மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், நீ தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாய். ஹாலில் விளக்குப் போடாமல் நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்தேன். "பணப் பிரச்சனை ஏதாவது இருக்கா? எங்கிட்ட சொல்லு" என்று கேட்டாய். உன் குரலில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது. நான் என்ன சொன்னேன் என்று உனக்கும் ஞாபகம் இருக்கும். "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். ஒரு மனுஷன் நிம்மதியா உட்காரக் கூடாதா?" என்றேன். நீ ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாய்.

மறுநாள் காலையில் நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "நேத்து அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, சாரி" என்றாய். நான் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனேன்.

செய்த அத்தனையிலும் என்னால் தாங்க முடியாதது அந்தப் "பரவாயில்லை"தான். நீ சரியாகக் கண்டுபிடித்தாய். உன் மனசு சரியாகச் சொன்னது. அதைப் பொய் என்று உன்னையே நம்ப வைத்து, அதற்கு உன்னிடமே மன்னிப்பும் வாங்கிக்கொண்டேன். போன வாரம் நீ, "இனிமே எனக்குத் தோணறதையே எனக்கு நம்ப முடியலை" என்று அழுதாய். அது உன் குறை இல்லை, நான் செய்த வேலை. அன்று நீ கேட்டது சரி. அதற்கு முன்னால் கேட்டதும் சரி. ஒரு தடவைகூட நீ தப்பாகச் சந்தேகப்படவில்லை.

உண்மை வெளிவந்த அன்றும் நான் முழுசாகச் சொல்லவில்லை. தவணை மெசேஜை நீ பார்த்துவிட்டதால் இரண்டு கடன்களை ஒப்புக்கொண்டேன். மூன்றாவது மூன்று நாள் கழித்து வந்தது, அதுவும் நீ திருப்பித் திருப்பிக் கேட்டதால். அந்த மூன்று நாளும் நீ அழுததைப் பார்த்துக்கொண்டு, உள்ளே இன்னொன்றை வைத்துக்கொண்டு இருந்தேன். முதல் பொய்யைவிட இது மோசம் என்று நீ சொன்னாய். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

"வேற எதெல்லாம் பொய்?" என்று கேட்டாயே, அன்று வாயடைத்துப் போய் நின்றேன். இப்போது சொல்கிறேன். போனஸ் தள்ளிப்போச்சு என்றது பொய். அது வந்தது, தவணைக்குப் போய்விட்டது. நம் பயணத்தை ரத்து செய்யச் சொன்னதற்கு லீவு கிடைக்காததைக் காரணமாகச் சொன்னேனே, அதுவும் பொய், கையில் பணம் இல்லை. ஆபீஸ் வேலையாக வெளியூர் போனது உண்மை. வேறு ஒரு பெண் இல்லை. நண்பர்களிடம் கைமாற்று வாங்கவில்லை. இந்தக் கடைசி இரண்டுக்கும் என்னிடம் காகிதச் சாட்சி கிடையாது, என் வாய்ச்சொல்தான். அதை நீ இப்போது நம்பாமல் இருந்தால் எனக்குக் கோபப்பட உரிமையில்லை.

டிரேடிங் கணக்கை மூடிவிட்டேன். போன செவ்வாய் முதல் ஒரு கவுன்சலரைப் பார்க்கிறேன். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வெறி எனக்கு எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரிய வேண்டும். என் போன், பாங்க் பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் என்னைக் காவல் காப்பது உன் வேலையாகிவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை, நீ கேட்காமலே, பாங்க் ஸ்டேட்மென்ட்டையும் கடன் கணக்கையும் நானே உன் முன்னால் கொண்டுவந்து வைக்கிறேன். பார்ப்பதும் பார்க்காததும் உன் விருப்பம். நான் கணக்குப் போட்டபடி மூன்று கடனும் அடைய 3 வருஷம் ஆகும். நம் சேமிப்பில் எடுத்ததைத் திரும்பப் போட அதற்கு மேலும் ஆகும்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தால் சொல். உன் அம்மாவிடம் சொன்னாலும் சரி. என் மானத்தைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு உனக்கு இல்லை. இத்தனை நாள் தனியாகச் சுமந்தது போதும்.

மன்னித்துவிடு என்று இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை. கேட்டால் அது உன் தலையில் இன்னொரு பாரம். நீ அடுத்த அறையில் படுக்கிறாய். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்க மாட்டேன். ஒரு நாள் சிரித்துப் பேசினால், சரி, எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வருஷம் கழித்து ஏதோ ஒரு மெசேஜ் சத்தம் கேட்டு உனக்கு நெஞ்சு படபடத்தால், "அதான் முடிஞ்சுபோச்சே" என்று சொல்ல மாட்டேன். திரும்ப முதலிலிருந்து கேள், நானும் முதலிலிருந்து சொல்கிறேன்.

என்னோடு இருக்க முடியாது என்று நீ முடிவெடுத்தாலும் இந்தக் கடன் என்னுடையதுதான். உன் பங்கை உனக்குத் திருப்பித் தருவதும் அப்படியே. நீ இருந்தால்தான் ஒழுங்காக இருப்பேன் என்று சொன்னால் அது மிரட்டல். அதைச் செய்ய மாட்டேன். நீ இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அதை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன்.

மேஜை மேல் பழுப்புக் கவர் ஒன்று இருக்கிறது. மூன்று கடன்களின் காகிதங்களும், என் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டும் அதில் இருக்கின்றன. ரிப்போர்ட்டை நான் எடுத்துத் தந்ததால் நம்ப முடியவில்லை என்றால், நீ பக்கத்தில் இருக்கும்போதே மறுபடி எடுத்துக் காட்டுகிறேன். மூன்றாவது கடனின் காகிதம் மேலே இருக்கும். அதைத்தான் உன்னிடம் கடைசியாகச் சொன்னேன், அதனால் முதலில் வைத்திருக்கிறேன்.