ஐயாவுக்கும் அப்பத்தாவுக்கும் பினாங்கிலிருந்து ஒரு வீடியோ கடிதம்

(எடுப்பவர்களுக்கு: அப்பாவுக்குக் காது மந்தம். எல்லாரும் மெதுவாக, ஒருவர் பேசி முடித்த பிறகு மற்றவர் பேச வேண்டும். தம்பி முத்து இதைப் பென் டிரைவில் போட்டு டிவியில் காட்டுவான், அதனால் போனைப் படுக்கை வாக்கில் பிடிக்கவும். இனியன் நடுவில் குதிப்பான். அதை வெட்ட வேண்டாம், அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும்.)

குளுகோர் வீடு, காலை, கூடத்துச் சன்னல் ஓரம். நால்வரும்.

கதிர்: அப்பா, அம்மா, வணக்கம். போனில் பேசினால் பாதி கேட்கவில்லை, மீதிக்குள் லைன் போய்விடுகிறது என்று அப்பா சலித்துக்கொண்டீர்கள். அதனால்தான் இப்படி. கேட்காவிட்டால் முத்துவிடம் சொல்லித் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

மலர்: மாமா, அத்தை, நல்லா இருக்கிறீர்களா? அறுப்பு முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டது என்று முத்து சொன்னான். கண்மாயில் இன்னும் தண்ணீர் கிடக்கிறதாமே, சந்தோஷம். அத்தை, முட்டிக்குக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போடுகிறீர்கள் என்று இங்கே வரைக்கும் சேதி வந்திருக்கிறது.

நிலா: ஐயா, அப்பத்தா, நான் வளர்ந்துவிட்டேன், பாருங்கள். (சுவரில் பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறாள்.) அம்மாவின் தோள் வரைக்கும் வந்தாச்சு.

இனியன்: அப்பத்தா! பசியாறியாச்சா?

மலர்: (சிரித்து) இங்கே காலையில் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் கேட்கிறார்கள் அத்தை. இவனும் பிடித்துக்கொண்டான். லிப்டில் சீனப் பாட்டியைக்கூட இப்படித்தான் கேட்கிறான்.

அதே சன்னல். கேமரா வெளியே திரும்புகிறது: கடல், பாலம், தீவு.

கதிர்: அப்பா, அதோ தெரிகிறதே, அதுதான் பினாங்குப் பாலம். 1985இல் திறந்தார்கள். மொத்தம் பதின்மூன்றரை கிலோமீட்டர். அதற்கு வலது பக்கம், பச்சையாக ஒரு தீவு. நிலா, கொஞ்சம் பெரிதாக்கு. அதன் பெயர் ஜெரஜாக். முன்பெல்லாம் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த ஆட்களில் மேல்தளத்து டிக்கெட்டுக்காரர்களை அங்கே இறக்கி, நோய் நொடி இல்லை என்று பார்த்த பிறகுதான் ஊருக்குள் விடுவார்களாம். உங்கள் ஐயா ரஜூலா கப்பலில் வந்தார் என்று சொல்லுவீர்களே. மேல்தளத்தில்தான் வந்திருப்பார். சமையல் வேலைக்கு வந்தவருக்கு அறை போட்டா கொடுத்திருப்பார்கள்? அப்படியானால் இந்த மண்ணில் அவர் முதலில் கால் வைத்தது அந்தத் தீவாகத்தான் இருக்கும். தினமும் காபி குடித்துக்கொண்டே அதைப் பார்க்கிறேன். உங்களுக்கும் காட்ட வேண்டும் போல இருந்தது.

சமையலறை.

மலர்: அத்தை, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று போன தடவையும் கேட்டீர்கள். இதோ பாருங்கள். இட்லி அரிசி, உளுந்து, நல்லெண்ணெய், எல்லாம் லிட்டில் இந்தியாவில் கிடைக்கிறது. இது நீங்கள் கொடுத்துவிட்ட கொள்ளுப் பொடி, அடியில் இவ்வளவுதான் மிச்சம். இந்தத் தொட்டியில் கறிவேப்பிலை. முதல் செடி செத்துப்போனது, இது பிழைத்துக்கொண்டது. முருங்கைக்கீரை கீழ் வீட்டு அக்கா தருவார், அவர் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், நம்ம ஊர்க்காரர் மாதிரியே பேசுவார்.

இனியன்: எனக்கு ரொட்டி சானாய்தான் பிடிக்கும்!

மலர்: அது நம்ம பரோட்டாவின் தம்பி. பருப்புக் குழம்பு ஊற்றிக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இவனுக்கு அது வேண்டும், அப்பாவுக்கு நாசி கண்டார் வேண்டும். ராவுத்தர் கடையில் சோற்றின் மேல் நாலு வகைக் குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள் அத்தை. நீங்கள் பார்த்தால் திட்டுவீர்கள். ஆனால் நல்லாத்தான் இருக்கிறது.

பொங்கலை இந்த அடுப்பில்தான் வைத்தோம். மாடி வீட்டில் விறகு மூட்ட விடமாட்டார்கள். பால் பொங்கியதும் நிலா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி என்னமோ ஏதோவென்று ஓடி வந்துவிட்டார். அவருக்கும் ஒரு கிண்ணம் போனது. சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழமும் பிள்ளைகளுக்கு அங்பாவ் என்று சிவப்பு உறையில் பணமும் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டார்.

கூடம். கதிர் மட்டும்.

கதிர்: அப்பா, நீ அங்கே என்னதான் வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் நான் மழுப்புகிறேன் என்று அம்மாவிடம் சொன்னீர்களாம். பாயான் லெப்பாஸில் பாக்டரி. உள்ளே படம் எடுக்கக் கூடாது. போன், கார் இதிலெல்லாம் போடுகிற சிப் அங்கே வரும். அதைச் சூடாக்கி, கரண்ட் கொடுத்து, தாங்குகிறதா என்று பார்க்கிற இயந்திரங்கள் என் பொறுப்பு. நீங்கள் விதைநெல்லைத் தண்ணீரில் கொட்டி மிதக்கிறதைத் தள்ளுவீர்களே, அந்த வேலைதான். சம்பளம் மட்டும் கொஞ்சம் கூட.

ஜார்ஜ் டவுன், பினாங்கு ஸ்ட்ரீட், சாயங்காலம். நடந்துகொண்டே.

(இந்தப் பகுதி நீளமாக இருக்கட்டும். அவசரப்பட்டுத் திருப்ப வேண்டாம். அப்பா ஒவ்வொரு வாசலையும் பார்ப்பார்.)

கதிர்: சரி, அப்பா. நீங்கள் கேட்ட தெரு இதுதான். பினாங்கு ஸ்ட்ரீட்.

நிலா: ஐயா, இங்கே பூக்கடை, இங்கே சேலைக்கடை. பாட்டுச் சத்தம் கேட்கிறதா? நாலு கடையில் நாலு பாட்டு போடுகிறார்கள்.

கதிர்: இந்தப் பழைய கட்டடங்களைப் பாருங்கள். முன்பக்கம் ஒடுக்கம், உள்ளே நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட கட்டடங்களில்தான் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. கூடத்தில் இரண்டு பக்கமும் வரிசையாகப் பெட்டியடி, ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் ஒரு மேலாள் தரையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவார். வந்தால் மூன்று வருஷம், அப்புறம்தான் ஊர். அத்தனை பேருக்கும் பின்கட்டில் சமையல். அங்கேதான் உங்கள் ஐயா அடுப்படியில் நின்றிருப்பார். யுத்தத்துக்கு முன்னாலேயே திரும்பிவிட்டது நல்லதாகப் போனது. ஜப்பான்காரன் வந்த பிறகு இங்கே மாட்டிக்கொண்டவர்கள் பட்ட பாட்டைக் கீழ் வீட்டு அக்காவின் மாமனார் கதை கதையாகச் சொல்லுவார்.

எந்தக் கிட்டங்கி என்பதுதான் பிடிபடவில்லை. அப்பா, தகரப் பெட்டியில் அவர் போட்ட கடிதங்கள் இருக்கின்றன அல்லவா? முகவரியில் வீட்டு எண் இருக்கும். முத்துவிடம் சொல்லி உறையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடிதத்தை வெயிலில் வைத்து எடுக்க வேண்டாம், மை ஏற்கெனவே மங்கிப்போயிருக்கிறது. எண்கள் மாறியிருக்கலாம். பரவாயில்லை, நான் விசாரிக்கிறேன்.

நிலா: இது கோவில் வீடு, ஐயா! தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் இங்கிருந்துதான் கிளம்பும்.

(இங்கே தைப்பூசப் படங்களைச் சேர்க்கவும்: ரதம், தேங்காய்க் குவியல், காவடி.)

கதிர்: 1894இல் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ரதம். உங்கள் ஐயா இதே ரதத்தைத்தான் பார்த்திருப்பார், ஒருவேளை பின்னாலேயே நடந்தும் போயிருப்பார். அம்மா, இந்தத் தேங்காய்களைப் பார். தெருவில் மலை மலையாகக் கொட்டி வைத்து, ரதம் வரும்போது உடைக்கிறார்கள். நம்ம ஆட்களைவிடச் சீனர்கள் அதிகமாக உடைக்கிறார்கள். முழங்கால் வரை சில்லு. அப்புறம் இயந்திரம் வைத்து வாருகிறார்கள்.

இனியன்: நானும் ஒன்று உடைத்தேன் அப்பத்தா! முதலில் உருண்டு ஓடிப்போச்சு. அப்புறம் உடைந்தது.

மலர்: அத்தை, பக்கத்திலேயே குயின் ஸ்ட்ரீட். அங்கே மாரியம்மன் கோயில், 1833இல் கட்டியது. உங்கள் பெயருக்கும் மாமா பெயருக்கும் அர்ச்சனை செய்தாச்சு. குங்குமம் கவரில் வைத்திருக்கிறேன்.

தண்ணீர்மலை, மறுநாள் காலை, கோயில் வாசல்.

கதிர்: இதுதான் தண்ணீர்மலை. மேலே தெரிகிறதே, அது பாலதண்டாயுதபாணி கோயில், 513 படி. அம்மா, பயப்படாதே, அதில் உன்னை ஏறச் சொல்லவில்லை. இது கீழே இருக்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில். வெள்ளி ரதம் வந்து சேருகிற இடம் இதுதான். வாசல் வரை கார் வரும். உள்ளே நம்ம பக்கத்துக் கோயில் மாதிரியே தூணும் வளவும். உட்கார இடம் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகக் காட்டுகிறேன் என்றால், அப்பா, நீங்கள் இரண்டு பேரும் வர வேண்டும். கால் வலி, ஆடு, வீடு என்று சொல்லாதீர்கள். ஆட்டை முத்து பார்த்துக்கொள்வான், கேட்டுவிட்டேன்.

மலர்: ஆனியில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. நாங்கள் கோலாலம்பூர் போய், அங்கிருந்து திருச்சி, அப்புறம் காரில் தேவகோட்டை. திரும்பும்போது உங்களையும் கூட்டிக்கொண்டு வருவதாகத்தான் திட்டம். நாங்கள் கூடவே இருப்போம் மாமா, விமானத்தில் தனியாக விடமாட்டோம்.

கதிர்: அதற்குள் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். விண்ணப்பத்தை நான் இங்கிருந்தே கணினியில் நிரப்புகிறேன். நேரில் போகும் நாளுக்கு முத்து கார் பேசியிருக்கிறான். ஆதாரில் அம்மாவின் பிறந்த வருஷம் ஒன்று, வாக்காளர் அட்டையில் ஒன்று என்று இருக்கிறது, அதை முதலில் சரிசெய்ய வேண்டும். அப்பா, செலவு என்று ஆரம்பிக்காதீர்கள். 60 வயது தாண்டியவர்களுக்குக் கட்டணத்தில் பத்து விழுக்காடு தள்ளுபடி. மலேசியாவுக்கு வர இந்தியர்களுக்கு இப்போது 30 நாள் வரை விசா தேவையில்லை. உங்கள் ஐயா மூன்று வருஷம் இருந்த ஊரில் நீங்கள் மூன்று வாரமாவது இருங்கள்.

இனியன்: ஐயா, வரும்போது கருப்பியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்!

நிலா: ஆட்டை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்டா.

இனியன்: சின்னக் குட்டியையாவது!

மலர்: அத்தை, நீங்கள் கொள்ளுப் பொடி மட்டும் கொண்டுவந்தால் போதும். கூடவே கொஞ்சம் வடகம்.

கதிர்: முத்து, இதைப் பார்த்து முடித்ததும் அப்பாவையும் அம்மாவையும் திண்ணையில் உட்காரவைத்துப் பதில் எடுத்து அனுப்பு. அப்பா வருகிறேன், வரவில்லை என்று வாயால் சொல்ல வேண்டும், தலையாட்டினால் கணக்கில் இல்லை. அப்புறம் அந்தக் கடித உறை, மறந்துவிடாதே.

இனியன்: கருப்பியையும் படம் எடு சித்தப்பா! கிட்டத்தில் எடு!