பதிவறைக்கான காப்புக்கால, அழிப்பு அட்டவணை

மூலம்: ஆவண மேலாண்மைக் கொள்கை, பதிப்பு 3, பிரிவுகள் 4 முதல் 8 வரை, இணைப்பு ஆ.
எதற்கு: பதிவறையில் உள்ள 412 பெட்டிகளுக்கும் இனி வரும் பெட்டிகளுக்கும்.
பொறுப்பு: பதிவறைப் பொறுப்பாளர்.

கொள்கையில் 38 பக்கங்களில் சிதறிக் கிடக்கும் காலக்கெடுகள் இங்கே பெட்டி வாரியாகப் பயன்படும்படி எடுத்தெழுதப்பட்டுள்ளன. ஒவ்வொரு வரியிலும் பிரிவு எண் உண்டு. ஐயம் எழுந்தால் அந்தப் பிரிவைத் திறந்து பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் கொள்கை சொல்வதே செல்லும்.

| குறி | ஆவணம் | எந்த நாளிலிருந்து | காலம் | முடிவு | பிரிவு |
|---|---|---|---|---|---|
| நி-1 | இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்பேடு | – | நிரந்தரம் | அழிப்பதில்லை | 4.1 |
| நி-2 | நில, கட்டடப் பத்திரங்கள் | சொத்து கைமாறிய நாள் | 15 ஆண்டு | மறுஆய்வு | 4.2 |
| க-1 | பேரேடு, தணிக்கை அறிக்கை | கணக்காண்டு முடிவு | 10 ஆண்டு | மறுஆய்வு | 5.1 |
| க-2 | வவுச்சர், பில், வங்கி அறிக்கை | கணக்காண்டு முடிவு | 8 ஆண்டு | துண்டாக்கல் பி-4 | 5.2 |
| ஒ-1 | ஒப்பந்தங்கள் | ஒப்பந்தம் முடிந்த நாள் | 7 ஆண்டு | துண்டாக்கல் பி-4 | 5.4 |
| ஒ-2 | ஏற்கப்படாத ஒப்பந்தப்புள்ளிகள் | வேலை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்ட நாள் | 2 ஆண்டு | துண்டாக்கல் பி-4 | 5.5 |
| ப-1 | பணியாளர் கோப்பு | பணியிலிருந்து விலகிய நாள் | 10 ஆண்டு | துண்டாக்கல் பி-5 | 6.1, இணைப்பு ஆ |
| ப-2 | தேர்வாகாதோர் விண்ணப்பங்கள் | பணியிடம் நிரம்பிய நாள் | 12 மாதம், உச்சவரம்பு | துண்டாக்கல் பி-5 | 6.3 |
| ப-3 | பணியாளர் உடல்நலக் கண்காணிப்புப் பதிவு | கடைசிப் பதிவு | 40 ஆண்டு | துண்டாக்கல் பி-5 | 6.5 |
| பொ-1 | வருகையாளர் பதிவேடு | கடைசிப் பதிவு | 12 மாதம், உச்சவரம்பு | துண்டாக்கல் பி-4 | 7.1 |
| பொ-2 | அழிப்புப் பதிவேடு, அழிப்புச் சான்றுகள் | – | நிரந்தரம் | அழிப்பதில்லை | 8.4 |

ப-3-க்கு 40 ஆண்டு என்பது அச்சுப்பிழை அல்ல. கல்நார் போன்ற தூசியால் வரும் நோய்கள் பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும். அப்போது அந்தப் பணியாளருக்கு இந்தப் பதிவைத் தவிர வேறு சான்று இருக்காது. இந்தப் பெட்டிகளை மற்ற பணியாளர் கோப்புகளோடு கலக்கவே கூடாது.

நாளைக் கணக்கிடுதல்

பிரிவு 4.6-இன்படி, தொடக்க நாள் விழும் ஆண்டின் டிசம்பர் 31-லிருந்து காலம் ஓடத் தொடங்கும். 2-5-2012 அன்று கையெழுத்தாகி 14-3-2019 அன்று முடிந்த ஒப்பந்தத்துக்கு 7 ஆண்டு 31-12-2026 அன்று நிறைவடையும். அழிப்புக்குத் தகுதியாகும் நாள் 1-1-2027. இங்கேதான் அதிகம் தவறு நேர்கிறது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 2012-ஐத் தொடக்கமாக எடுத்தால் 1-1-2020 என்று வரும். ஒப்பந்தம் முடிந்து பத்து மாதம்கூட ஆகாத நிலையில் மூலப்பிரதி போய்விடும். பெட்டியில் உள்ள ஆண்டு கோப்பு திறந்த ஆண்டாக இருக்கலாம். கடைசித் தாளைப் பார்க்காமல் தொடக்க நாளை நிரப்பக் கூடாது.

விரிதாளில் C தொடக்க நாள், D ஆண்டு எண்ணிக்கை:

```
=IF(OR(C2="",NOT(ISNUMBER(D2))),"",DATE(YEAR(C2)+D2+1,1,1))
```

முதலில் உள்ள வெற்றுச் சோதனையை நீக்கிவிடாதீர்கள். C காலியாக இருந்தால் எக்செல் அதை 1900 ஆகக் கொள்ளும். 7 ஆண்டுப் பெட்டிக்கு 1-1-1908 என்று வந்து, இன்னும் நடப்பில் உள்ள ஒப்பந்தம் அழிப்புப் பட்டியலின் முதல் வரியில் நிற்கும்.

உச்சவரம்பு என்று குறித்த ப-2, பொ-1 இரண்டுக்கும் ஆண்டிறுதி விதி பொருந்தாது. மற்ற வரிகளில் கொள்கை “குறைந்தது” என்கிறது, இவற்றில் “மேல் வைத்திருக்கலாகாது” என்கிறது. ஆண்டிறுதி வரை நீட்டினால் ஜனவரியில் வந்த விண்ணப்பம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு தங்கிவிடும். அதனால் இவற்றுக்குத் தனிச் சூத்திரம்:

```
=IF(C2="","",EDATE(C2,12))
```

இந்த நாளுக்குள் அழிப்பு முடிந்திருக்க வேண்டும். ஒரு மாதம் முன்பே ஒப்புதல் கேட்டுவிடுங்கள். வருகையாளர் பதிவேடு ஒன்றிலேயே பல மாதப் பதிவுகள் இருப்பதால், மூன்று மாதத்துக்கு ஒரு புதுப் பதிவேடு தொடங்க வரவேற்பறையிடம் சொல்லியாயிற்று.

கொள்கை தெளிவாக இல்லாத இடங்கள்

பணியாளர் கோப்புக்குப் பிரிவு 6.1 “7 ஆண்டு” என்கிறது, இணைப்பு ஆ “விலகிய பின் 10 ஆண்டு” என்கிறது. நீண்டதை எடுத்துள்ளோம். அழித்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது, வைத்திருப்பதைப் பிறகு அழிக்கலாம். மனிதவளப் பிரிவின் எழுத்துப்பூர்வ விளக்கம் வரும்வரை இதுவே நடைமுறை.

பிரிவு 7.3-இல் திட்ட வரைபடங்களுக்கு “தேவைப்படும் வரை” என்றிருக்கிறது. நாள் கிடைக்காத சொல் விதியாகாது. எனவே அவை அட்டவணையில் சேர்க்கப்படவில்லை. 23 பெட்டிகள் மஞ்சள் ஒட்டுத்தாளுடன் 6-ஆம் அலமாரியில் உள்ளன. பொறியியல் பிரிவு தொடக்க நாளும் ஆண்டும் தரும்வரை அவற்றைத் தொடக் கூடாது.

கலப்புப் பெட்டிகள் 57. ஒரே பெட்டியில் வவுச்சரும் ஒப்பந்தமும் இருந்தால் எது கடைசியில் தகுதியாகிறதோ அந்த நாளே பெட்டியின் நாள். உச்சவரம்புள்ள ஆவணம் கலந்திருந்தால் இது செல்லாது, அதை உடனே பிரித்தெடுத்தாக வேண்டும். மாதத்துக்கு ஐந்து பெட்டி வீதம் பிரிக்கலாம், விண்ணப்பங்கள் உள்ளவை முதலில்.

அழிப்புத் தடை

வழக்கு, தணிக்கை, விசாரணை எதுவானாலும் சட்டப் பிரிவிலிருந்து தடைக் குறிப்பு வந்தவுடன் பெட்டிக்குச் சிவப்பு அட்டை. விரிதாளில் H நிரலில் குறிப்பின் எண்ணும் நாளும். உச்சவரம்பு கடந்திருந்தாலும் தடையே மேலோங்கும் (பிரிவு 8.2). அதே பெட்டிக்கு இரண்டாவது தடை வந்தால் இரண்டு எண்களையும் எழுதுங்கள். ஒன்று விலகியதும் அட்டையைக் கழற்றிவிடுவது எளிதில் நடக்கும் பிழை. தடை விலகினால் காலம் முதலிலிருந்து ஓடாது. பழைய தகுதி நாளே நிற்கும்.

அழிக்கும் முறை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தகுதியான பெட்டிகளின் பட்டியல் உரிய பிரிவுத் தலைவருக்கும் சட்டப் பிரிவுக்கும் போகும். இரு கையொப்பமும் வந்த பின்பே பெட்டி அலமாரியிலிருந்து இறங்கும். பதில் வராததை ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது. “மறுஆய்வு” என்றுள்ளவற்றைப் பிரிவுத் தலைவர் நேரில் திறந்து பார்த்து, வைப்பதா அழிப்பதா என்று எழுதித் தர வேண்டும்.

பி-4, பி-5 என்பவை ஐஎஸ்ஓ/ஐஇசி 21964 சொல்லும் துண்டாக்கல் நிலைகள். பி-4-இல் துண்டின் பரப்பு 160 சதுர மி.மீ.-க்கு மேல் இருக்கலாகாது, பி-5-இல் 30. பதிவறையில் உள்ள சிறு இயந்திரம் நீள் கீற்றாக வெட்டுவது. கீற்றுகளை மீண்டும் பொருத்திப் படிக்க முடியும் என்பதால் இந்தப் பட்டியலில் எதற்கும் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

வெளி ஒப்பந்ததாரரிடம் கொடுக்கும்போது பெட்டி எண்ணிக்கை, எடை, முத்திரை எண் மூன்றையும் இருவர் பார்த்துக் குறிக்க வேண்டும். திரும்பி வரும் சான்றில் பெட்டி எண்கள் இல்லாமல் “காகிதம் 340 கிலோ” என்று மட்டும் இருந்தால் ஏற்கக் கூடாது. எந்தப் பெட்டி அழிந்தது என்று அதிலிருந்து சொல்ல முடியாது.

ஸ்கேன் செய்த பிரதி சேவையகத்தில் இருந்தால் காகிதம் அழிந்ததால் ஆவணம் அழிந்ததாகாது. அழிப்புப் பதிவேட்டில் அந்த வரியை முடிப்பதற்கு முன், கணினிப் பிரிவு பிரதியை நீக்கியதற்கான உறுதியைப் பெற்று அதே வரியில் நாளிட்டு எழுதவும்.