வீடு வித்தாச்சு, பாலிசியை வாங்குனவங்க பேருக்கு மாத்திக் குடுங்க, முடியலைன்னா ரத்து பண்ணிடுங்க: கானாடுகாத்தான் வீடு, பாலிசி நம்பர் கடைசி நாலு எண் 4417

காரைக்குடி பிராஞ்ச் மேனேஜர் சாருக்கு,

வணக்கம் சார். நான் கானாடுகாத்தான் மெய்யப்பன், இப்ப சென்னையில இருக்கேன். எங்க கானாடுகாத்தான் வீட்டுக்கு உங்ககிட்ட பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி 15-05-2025லேர்ந்து 14-05-2026 வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு, கட்டடத்துக்கு 80 லட்சம், அதோட தானா வர்ற வீட்டுச் சாமான் கவர் 10 லட்சம், அது போக வெள்ளிச் சாமானுக்கு தனியா மதிப்பு போட்டு 2 லட்சம். பிரீமியம் 6,480, ஜிஎஸ்டி 1,166, ஆக 7,646 ரூபாய் கட்டியிருக்கேன்.

அந்த வீட்டை வித்துட்டோம் சார். போன மாசம் 22ஆம் தேதி, திங்கக்கிழமை, நவராத்திரி ஆரம்பிச்ச அன்னிக்கு கிரயம் பதிவாச்சு, நானும் தம்பியும் பெரியப்பச்சி மகனும் மூணு பங்காளியும் கையெழுத்து போட்டு சாவியையும் அன்னிக்கே குடுத்துட்டோம். வாங்குனவங்க கோயம்புத்தூர்ல ரிட்டயர் ஆன டீச்சர், அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் இங்க வந்து குடியிருக்கத்தான் வாங்கியிருக்காங்க. தூணைக் கழட்டி விக்கிறவங்ககிட்ட குடுக்க மனசு வராமத்தான் ரெண்டு வருஷம் காத்திருந்து இவங்களுக்குக் குடுத்தோம், அதனாலதான் பணம் வாங்கியாச்சு நமக்கென்னன்னு இந்த பாலிசி விஷயத்தை என்னால விட முடியல.

ஏன் அவசரமா எழுதுறேன்னா, கிரயம் பதிவான அன்னியோட எனக்கு அந்த வீட்டுல பாத்தியதை முடிஞ்சுபோச்சு. நாளைக்கு இடி விழுந்தோ மின்சாரக் கோளாறுல தீப்பிடிச்சோ ஏதாவது ஆச்சுன்னா பாலிசி என் பேர்ல இருக்கு, நஷ்டம் எனக்கு இல்ல, அதனால எனக்கு நீங்க தரமாட்டீங்க, தரவும் கூடாது. நஷ்டப்படுற டீச்சரம்மா பேரு பாலிசியில இல்ல, அவங்களுக்கும் கிடைக்காது. ஆக பிரீமியம் கட்டுன பாலிசி ஒண்ணு பேப்பர்ல இருக்கு, வீட்டுக்குப் பாதுகாப்பு இல்ல. உங்க ஏஜெண்ட் தம்பிகிட்ட போன்ல சொன்னப்ப "அது பாட்டுக்கு மே மாசம் வரைக்கும் ஓடட்டும்ணே, அப்பறம் அவங்க புதுசா போட்டுக்குவாங்க"ன்னு சொன்னாரு. அவரு நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருப்பாரு, ஆனா அது தப்பு சார், அவர் பேச்சைக் கேட்டு நான் ரெண்டு வாரத்தை விட்டுட்டேன்னு இப்ப கஷ்டமா இருக்கு.

2023ல அப்பச்சி தவறுனப்ப பாலிசியை எங்க பேருக்கு மாத்துனது லேசா முடிஞ்சுச்சு, இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் குடுத்தோம், மாத்திட்டீங்க. அதே மாதிரி இதுவும்னு நெனச்சுத்தான் முதல்ல சும்மா இருந்தேன். அது வாரிசா வந்த சொத்து, இது வித்த சொத்து, விக்கிறப்ப உங்க சம்மதம் எழுத்துல எண்டார்ஸ்மெண்ட்டா வந்தாத்தான் கவர் தொடரும், அதுவும் ஏதாவது சேதம் ஆகுறதுக்கு முன்னாடி வந்திருக்கணும்னு இப்பத்தான் புரிஞ்சுச்சு. ஐப்பசி பொறக்க இன்னும் ரெண்டு வாரம்கூட இல்ல. மழை வந்தா முன் வளவுக்கு நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணியும் வந்து விழும், பின்கட்டுல ஓடு கொஞ்சம் பழசு, மேல பூரா பர்மா தேக்கு. அந்த வீடு ஒரு நாளும் கவர் இல்லாம இருக்கக் கூடாது சார்.

அதனால நான் கேக்குறது, கட்டடத்துக்கான கவரை டீச்சரம்மா பேருக்கு மாத்துங்க. முன்தேதி போட்டுக் குடுங்கன்னு கேக்கல, நீங்க சம்மதிக்கிற அன்னிலேர்ந்து போதும், ஆனா எந்தத் தேதி எத்தனை மணியிலேர்ந்துன்னு எண்டார்ஸ்மெண்ட்ல தெளிவா இருக்கணும். அவங்க வீட்டு லோன் போட்டு வாங்கியிருக்காங்க, அதனால பேங்க் பேரையும் பேங்க் கிளாஸ்ல சேக்கணும், லோன் கடிதம் நகல் வச்சிருக்கேன். எங்க வெள்ளிச் சாமானை எல்லாம் சென்னைக்கு எடுத்துட்டு வந்துட்டோம், அந்த 2 லட்சத்தை எடுத்துடுங்க. ஊஞ்சல், நெலக்கண்ணாடி, ரெண்டு மர அலமாரி மட்டும் வீட்டோட குடுத்திருக்கோம், அது இனி அவங்க சாமான், சாமான் கவர் அவங்க பேருக்கே வந்தா நல்லது. 80 லட்சத்தை வித்த வெலையோட ஒப்பிட்டுக் கொழப்பிக்க வேணாம், அது திரும்பக் கட்டுற செலவு, நெலத்துக்கு பாலிசி கெடையாது.

மறைக்காம இன்னும் ரெண்டு விஷயம் சொல்லிடுறேன், பின்னாடி க்ளெய்ம் வர்றப்ப அவங்ககிட்ட இதைக் காரணமா காட்டக் கூடாது. அவங்க தை மாசந்தான் குடி வர்றாங்க, அதுவரைக்கும் வீடு பூட்டியிருக்கும், எங்ககிட்ட 20 வருஷமா இருந்த காவக்காரர் ராத்திரி திண்ணையில படுப்பாரு, பகல்ல ஒரு தடவை பாத்துட்டுப் போவாரு. பூட்டிக் கெடக்குற வீட்டுக்கு ஏதாவது நிபந்தனை இருந்தா இப்பவே சொல்லுங்க. ரெண்டாவது, நம்ம பக்கம் பெரிய வீடு வாங்குனா தங்குற ஹோட்டலா ஆக்கிடுவாங்கன்னு நெனைப்பீங்க, இவங்க அப்படி இல்ல, குடியிருப்பு மட்டுந்தான்னு கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காங்க, பின்னாடி மாத்துனா முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லணும்னு நானும் சொல்லி வச்சிருக்கேன். நேத்து ஞாயித்துக்கிழமை நானே ஊருக்குப் போய் வீடு பூரா போட்டோ எடுத்தேன், இன்னிக்குத் தேதிக்கு ஒரு சேதமும் இல்ல.

ஒரு வேளை மாத்த உங்க கம்பெனியில வழி இல்ல, இல்ல புது புரொபோசல்தான் வேணும்னா, உடனே சொல்லிடுங்க, டீச்சரம்மா அன்னிக்கே புது பாலிசி எடுத்துக்குவாங்க. அப்ப என் பாலிசியை ரத்து பண்ணி மிச்ச பிரீமியத்தைத் திருப்பிக் குடுங்க. ஒரு வருஷ பாலிசி, இந்த வருஷம் க்ளெய்ம் எதுவும் வாங்கல, ஐஆர்டிஏஐ 2024 ஜூன் மாசம் போட்ட சுற்றறிக்கைப்படி எங்களை மாதிரி ஆளுங்க காரணம் சொல்லாமலே ரத்து பண்ணலாம், மிச்ச நாளுக்கு விகிதப்படி பணம் வரணும். பதிவுக்கு மறுநாள் 23ஆம் தேதியிலேர்ந்து எண்ணுனா 234 நாள் மிச்சம், 6,480ல 4,154 ரூபாய் வருது. இந்த லெட்டர் வந்ததுக்கு மறுநாள்லேர்ந்துதான் கணக்குன்னா 220 நாள், 3,906 வரும், அதுக்காக நான் சண்டை போடமாட்டேன், ஆனா எந்தக் கணக்குன்னு எழுதிக் குடுங்க, ஜிஎஸ்டியை என்ன பண்ணுறீங்கன்னும் சொல்லுங்க. மாத்திக் குடுத்துட்டீங்கன்னா இந்தப் பணம் எனக்கு வேணாம், மிச்ச நாளுக்கு உண்டானதை டீச்சரம்மா என்கிட்ட குடுத்துட்டாங்க.

கிரயப் பத்திரம் நகல், வில்லங்கச் சான்று, பாலிசி, சாவி ஒப்படைச்ச கடிதம், டீச்சரம்மா சம்மதக் கடிதம், அவங்க ஆதார், பான், போட்டோ, என் பேங்க் கணக்கோட கேன்சல் பண்ணுன செக், எல்லாம் இதோட அனுப்பியிருக்கேன். எந்த ஃபாரமாவது பூர்த்தி பண்ணணும்னா அனுப்புங்க, தம்பி காரைக்குடியிலதான் இருக்கான், பிராஞ்சுக்கே வந்து கையெழுத்து போட்டுடுவான். பதில் போன்ல வேணாம் சார், மெயில்ல ரெண்டு வரியா இருந்தாலும் எழுத்துல வேணும், டீச்சரம்மாவுக்கும் ஒரு காப்பி போடுங்க, வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள மாத்துறீங்களா இல்லையான்னு தெரிஞ்சுட்டா சனிக்கெழமை அவங்க அடுத்த ஏற்பாட்டைப் பாத்துக்குவாங்க.

மெய்யப்பன்
06-10-2025