பதிவு அலுவலக முகவரியை மாற்றும் பணிப்பாளர் சபைத் தீர்மானம்

வாவிக்கரை உணவுப் பொருட்கள் (பிரைவேட்) லிமிட்டட்
கம்பனிப் பதிவு இலக்கம்: PV 00987654
தற்போதைய பதிவு அலுவலகம்: இல. 47, பார் வீதி, மட்டக்களப்பு

2025 செப்டெம்பர் 12, வெள்ளிக்கிழமை, காலை 10.00 மணிக்கு மேற்படி அலுவலகத்தில் நடைபெற்ற பணிப்பாளர் சபைக் கூட்டத்தின் அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்ட பகுதி.

சமுகம்: திரு. சி. அருளானந்தம் (தலைவர்), திருமதி கௌசல்யா தவராசா (பணிப்பாளர்), ஜனாப் எம்.ஐ. நஸீர் (பணிப்பாளர்). கம்பனிச் செயலாளர் திருமதி ப. சிவரஞ்சனி உடனிருந்தார். கூட்டத்துக்குத் தேவையான நிறைவெண் இருந்தது.

பார் வீதிக் கட்டடத்தின் குத்தகை 2025 ஒக்டோபர் 31 அன்று முடிவடைகிறது. அரிசி மாவும் ஒடியல் மாவும் பொதியிடும் வேலை ஏற்கெனவே களுவாஞ்சிக்குடியில் நடப்பதால், கணக்கும் கடிதப் போக்குவரத்தும் அங்கேயே இருப்பது நல்லது எனச் சபை கருதியது. குத்தகை முடியும் நாளிலேயே மாறலாம் என்ற யோசனை ஏற்கப்படவில்லை. பதிவு அலுவலகத்தில் ஒப்படைக்கப்படும் நீதிமன்ற அழைப்பாணையோ வரி அறிவித்தலோ கம்பனிக்குக் கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்பதால், பழைய இடம் கையிலிருக்கும்போதே மாறி, ஒரு மாதத்துக்கு இரண்டு இடத்துத் தபாலையும் பார்ப்பதே பாதுகாப்பானது என்று செயலாளர் கூறினார். சபை அதனை ஏற்றது.

புதிய கட்டடம் தலைவரின் சகோதரருக்குச் சொந்தமானது. அதனைத் தலைவர் சபைக்கு வெளிப்படுத்தினார்; அது அக்கறைகள் பதிவேட்டில் பதியப்பட்டது. கம்பனியின் அமைப்பு விதிகள் அவர் வாக்களிப்பதைத் தடுக்கவில்லை. ஆயினும் பின்னாளில் ஒரு பேச்சு எழக்கூடாது என்று அவராகவே வாக்களிப்பிலிருந்து விலகிக்கொள்ள, இவ்விடயத்துக்குத் திருமதி தவராசா தலைமை வகித்தார்.

ஜனாப் நஸீர் முன்மொழிய, திருமதி தவராசா வழிமொழிய, பின்வருமாறு தீர்மானிக்கப்பட்டது:

1. 2007 ஆம் ஆண்டின் 07 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 114 ஆம் பிரிவுக்கும் கம்பனியின் அமைப்பு விதிகளுக்கும் அமைய, கம்பனியின் பதிவு அலுவலகம் இல. 47, பார் வீதி, மட்டக்களப்பு என்ற முகவரியிலிருந்து இல. 212/1, பிரதான வீதி, களுவாஞ்சிக்குடி என்ற முகவரிக்கு 2025 ஒக்டோபர் 1 முதல் மாற்றப்படுதல் வேண்டும்.

2. அம்மாற்றத்துக்கான படிவம் 13, கம்பனிகள் பதிவாளருக்கு 2025 செப்டெம்பர் 17 ஆம் திகதிக்கு முன்னர் கட்டணத்துடன் சமர்ப்பிக்கப்படுதல் வேண்டும். வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் பிரதேச சபையின் வரிப்பணப் பற்றுச்சீட்டில் உள்ளபடியே எழுதப்படல் வேண்டும். ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குக் குத்தகை உறுதியில் உள்ளதே எல்லாப் படிவங்களிலும் பின்பற்றப்படும். ஒரு படிவத்தில் ஒன்று, மறு படிவத்தில் இன்னொன்று என்று வரக்கூடாது.

3. பணிப்பாளர் திருமதி கௌசல்யா தவராசா இக்காரியத்துக்கான அதிகாரமளிக்கப்பட்ட ஒப்பமிடுபவராக நியமிக்கப்படுகிறார். படிவம் 13 இலும் அதனோடு சேர்ந்த ஆவணங்களிலும் கம்பனியின் சார்பில் ஒப்பமிடவும், பதிவாளர் கேட்கும் திருத்தங்களைச் செய்து மீளச் சமர்ப்பிக்கவும், பதிவு செய்யப்பட்ட பிரதிகளைப் பெற்றுக்கொள்ளவும் அவருக்கு அதிகாரம் உண்டு. மேலே 1 இல் உள்ள முகவரியையோ திகதியையோ மாற்றும் அதிகாரம் இதில் அடங்காது. அதற்குச் சபையின் புதிய தீர்மானம் தேவை. அவர் ஒப்பமிட இயலாதவிடத்து கம்பனிச் செயலாளர் ஒப்பமிடலாம்.

4. பங்குப் பதிவேடு, கூட்ட அறிக்கைப் புத்தகம், அக்கறைகள் பதிவேடு முதலானவை 2025 ஒக்டோபர் 1 அன்று செயலாளரின் நேரடிப் பொறுப்பில் புதிய இடத்துக்குக் கொண்டு செல்லப்படுதல் வேண்டும்.

5. உள்நாட்டு இறைவரித் திணைக்களம், ஊழியர் சேமலாப நிதிக்காகத் தொழில் திணைக்களம், ஊழியர் நம்பிக்கை நிதியச் சபை, கம்பனியின் வங்கிகள் ஆகியவற்றுக்குச் செயலாளர் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். அலுவலகம் மட்டக்களப்பு மாநகர சபை எல்லையிலிருந்து மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச சபை எல்லைக்குப் போவதால், வியாபார அனுமதி சம்பந்தமான விண்ணப்பம் அச்சபைக்குப் புதிதாகச் செய்யப்படும். பழைய முகவரி அச்சிடப்பட்ட கடிதத்தாளும் விலைச்சிட்டைப் புத்தகங்களும் ஒக்டோபர் 1 முதல் பாவிக்கப்படமாட்டா.

வாக்களித்த பணிப்பாளர் இருவரும் ஏகமனதாக ஏற்றனர்.

(ஒப்பம்) கௌசல்யா தவராசா
பணிப்பாளர், இவ்விடயத்துக்கான தலைமை

(ஒப்பம்) எம்.ஐ. நஸீர்
பணிப்பாளர்

(ஒப்பம்) சி. அருளானந்தம்
தலைவர், சமுகமளித்தார், வாக்களிக்கவில்லை

செயலாளரின் அத்தாட்சி

மேலேயுள்ளது 2025 செப்டெம்பர் 12 அன்று முறையாகக் கூட்டப்பட்ட பணிப்பாளர் சபைக் கூட்டத்தில் நிறைவேற்றப்பட்டு, அறிக்கைப் புத்தகத்தில் பதியப்பட்ட தீர்மானத்தின் உண்மைப் பிரதி என்றும், அது இன்றுவரை மாற்றப்படவோ இரத்துச் செய்யப்படவோ இல்லை என்றும், திருமதி கௌசல்யா தவராசாவின் மேற்படி ஒப்பம் என் முன்னிலையில் இடப்பட்டது என்றும் இத்தால் அத்தாட்சிப்படுத்துகிறேன்.

(ஒப்பம்) ப. சிவரஞ்சனி
கம்பனிச் செயலாளர்
மட்டக்களப்பு, 2025 செப்டெம்பர் 15