சனிக்கிழமை வாஷிங் மெஷின் கடையில் கேட்க வேண்டியவை

தம்பி, நீயும் அம்மாவும் டி.எச். ரோட்டுக் கடைக்குப் போகும்போது கேட்பதற்காக இதை எழுதி அனுப்புகிறேன். பாப்பாவுக்குப் பரீட்சை, அதனால் மாதவரத்திலிருந்து என்னால் வர முடியாது. போனைக் கையில் வைத்துக்கொண்டே கேள், கூச்சப்படாதே. பதிலை அங்கேயே குறித்துக்கொள்.

முதலில் நம் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடு. "அண்ணா, வீடு தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஐந்து பேர். மெட்ரோ தண்ணீரோடு போர் தண்ணீரும் கலக்கிறோம், போர் தண்ணீர் உப்பு. இதற்கு எது சரிப்படும்?" இதைக் காதில் வாங்காமல் ஆஃபரில் இருக்கும் மெஷினைக் காட்டினால், "நீங்கள் கடை ஆளா, கம்பெனி ஆளா?" என்று மரியாதையாகவே கேள். ஒரு கம்பெனிக்காக நிறுத்தப்பட்டவர் அந்தக் கம்பெனி மெஷினைத்தான் நல்லது என்பார். அது அவர் வேலை, தப்பில்லை. ஆனால் இன்னொருவரிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம் டெமோ. "இந்த மெஷினை பிளக்கில் போட்டுக் காட்ட முடியுமா? ஸ்பின் ஓடும்போது சத்தம் எப்படி இருக்கும்?" தண்ணீர் விட்டுக் காட்ட மாட்டார்கள், பரவாயில்லை. பட்டன்களை அம்மாவே அழுத்திப் பார்க்கட்டும். "அண்ணா, அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. தினமும் போட எந்த இரண்டு பட்டன் போதும்?" என்று கேள். அம்மாவை ட்ரம்முக்குள் கைவிட்டு அடியிலிருந்து ஒரு துணியை எடுக்கச் சொல். டாப் லோடில் ஆழம் அதிகமாக இருந்தால் அவர் உயரத்துக்குக் கை எட்டாது. ஃப்ரண்ட் லோடில் குனிய வேண்டும், அவருக்கு முட்டி வலி. கடையில் செய்து பார்த்தால்தான் இது தெரியும். "ஃப்ரண்ட் லோடில் நடுவில் ஒரு துணி சேர்க்கலாமா? கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடுமா, முதலிலிருந்து ஓடுமா? தண்ணீர் நின்றுபோனால் காத்திருக்குமா, எரர் காட்டி நின்றுவிடுமா?" இந்த மூன்றையும் விடாதே.

உன் யார்டு யூனிஃபார்மில் கிரீஸ் ஒட்டியிருக்கும் அல்லவா? "சுடுதண்ணீரில் துவைக்க மெஷினிலேயே ஹீட்டர் இருக்கிறதா? எத்தனை வாட்ஸ்?" என்று கேள். ஹீட்டர் இருந்தால் 16 ஆம்பியர் பிளக் வேண்டும், நம் பாத்ரூம் பக்கத்தில் இருப்பது 6 ஆம்பியர். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னால் தலையாட்டாதே. தனி வயர் இழுத்து எர்த்தோடு போட எலக்ட்ரீஷியனுக்கு ஆகும் செலவையும் மெஷின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடு. உப்புத் தண்ணீர் ஹீட்டரில் படிந்து கெட்டியாகிவிடும். அதனால், "எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அதைச் சுத்தம் செய்ய வேண்டும், அந்தப் பவுடர் என்ன விலை?" என்பதையும் கேள்.

தண்ணீர் அழுத்தம்தான் எனக்குப் பெரிய கவலை. தொட்டி நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. குழாயிலிருந்து தொட்டியின் அடிவரை ஒன்பது அடிதான். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்று கணக்குப் போட்டால், நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 0.27 பார். "இந்த மாடலுக்குக் குறைந்தது எவ்வளவு அழுத்தம் வேண்டும்? கையேட்டில் அந்த வரியைக் காட்டுங்கள்." வாயால் சொன்னால் ஏற்காதே, காட்டச் சொல். பக்கெட்டைக் குழாயில் வைத்து நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று வெள்ளிக்கிழமையே பார்த்துக்கொண்டு போ. அழுத்தம் போதாதென்றால், "பம்ப் தனியாக வைக்க வேண்டுமா, அது யார் செலவு?"

இன்ஸ்டாலேஷனில்தான் நான் ஏமாந்தேன். போன வீட்டில் மெஷினைக் கொண்டுவந்தவர்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். டெக்னீஷியன் ஒன்பது நாள் கழித்து வந்து, ஸ்டேண்டு, நீளமான பைப், டேப் அடாப்டர் என்று 1,900 ரூபாய் கேட்டார். பாதி எனக்குத் தேவையே இல்லை. அதனால் ஒவ்வொன்றாகக் கேள்: "மாடிக்கு ஏற்றுவது உங்கள் ஆளா? ஏற்றுக்கூலி உண்டா? படிக்கட்டுத் திருப்பத்தில் மெஷின் போகுமா?" படிக்கட்டு அகலத்தை டேப்பால் அளந்துகொண்டு போ, ஃப்ரண்ட் லோடு அறுபது, எழுபது கிலோ இருக்கும், இரண்டு பேர் தூக்கியே திணறுவார்கள். "அட்டைப்பெட்டியை நாங்கள் பிரிக்கலாமா, டெக்னீஷியன் வந்துதான் பிரிக்க வேண்டுமா? எத்தனை மணி நேரத்தில் வருவார்? நாங்கள் போன் செய்ய வேண்டுமா, நீங்களே பதிவு செய்வீர்களா? முதல் டெமோ இலவசமா? பெட்டிக்குள் எந்தெந்தப் பைப் இருக்கிறது, எது தனி விலை?" ஃப்ரண்ட் லோடு வாங்கினால், "பின்பக்கத்து டிரான்சிட் போல்ட்டை டெக்னீஷியன் எங்கள் முன்னால் கழற்றித் தருவாரா?" என்றும் கேள். கொண்டுவரும்போது ட்ரம் ஆடாமல் பிடித்துவைப்பது அதுதான், கழற்றாமல் ஓட்டினால் மெஷின் தரையில் குதிக்கும், உள்ளே அடி வாங்கும். கழற்றிய போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டு வை, வீடு மாறும்போது திரும்பப் போட வேண்டும்.

எலியைப் பற்றிக் கேட்க வெட்கப்படாதே. நம் தெருவில் எலி இல்லாத வீடு ஏது? "அடியில் எலி நுழையாத தகடு இருக்கிறதா? எலி வயரைக் கடித்தால் வாரண்டியில் வருமா?" பெரும்பாலும் வராது, ஆனால் அவர் வாயாலேயே கேட்டுக்கொள். கடல் காத்து வேறு. "பாடி துருப்பிடித்தால் வாரண்டி உண்டா?"

சர்வீஸில், பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வருஷத்தைப் பார்த்து மயங்காதே. மோட்டாருக்குப் பத்து வருஷம் என்றால் அது மோட்டாருக்கு மட்டும்தான். "முழு மெஷினுக்கு எத்தனை வருஷம்? போர்டு, பெல்ட், ட்ரெயின் பம்ப் அதில் சேர்த்தியா? மோட்டாரை இலவசமாகக் கொடுத்தாலும், வந்து போவதற்கும் கூலிக்கும் எவ்வளவு?" அடுத்து, "பக்கத்தில் சர்வீஸ் சென்டர் எங்கே? புகார் கொடுத்தால் எத்தனை நாளில் வருவார்கள்? பார்ட்ஸ் இங்கே இருக்குமா, வரவழைக்க வேண்டுமா?" கூடுதல் வாரண்டி எடுக்கச் சொன்னால், "அது கம்பெனி தருவதா, வேறு யாராவது தருவதா? அந்தப் பேப்பரைப் படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல். அன்றே கையெழுத்துப் போட வேண்டாம்.

விலை கடைசியில். பெட்டியில் போட்ட எம்.ஆர்.பி.யில் ஜி.எஸ்.டி. சேர்த்தி, அதற்கு மேல் வரி கேட்டால் கொடுக்காதே. "ஈ.எம்.ஐ.யில் ப்ராசஸிங் சார்ஜ் எவ்வளவு? ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறையும்? வீட்டில் பிரித்ததும் மெஷின் நசுங்கியிருந்தால் யார் மாற்றித் தருவார், எத்தனை நாளுக்குள்?" இலவச டெமோ, ஏற்றுக்கூலி, மாற்றித் தருவது மூன்றையும் பில்லிலேயே எழுதி சீல் போடச் சொல். மெஷின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்க வேண்டும். பின்னால் தகராறு வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் பண்ணலாம், ஆனால் அங்கேயும் பில்லைத்தான் கேட்பார்கள்.

அம்மா அவசரப்படுவார், "இதுவே போதும்டா" என்பார். நீ நிதானமாக இரு. பணம் கட்டுமுன் மாடல் நம்பரையும் நீ குறித்த பதில்களையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு, பார்த்துவிட்டு உடனே கூப்பிடுகிறேன்.