தறிக்குடோன் தீ விபத்து கிளெய்ம்: மறுத்த காரணத்தை எழுத்தில் தாருங்கள், சர்வேயர் அறிக்கையும் விசாரணை அறிக்கையும் வேண்டும்

கிளெய்ம் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம்ங்க. பல்லடத்தில் எட்டுத் தறி ஓட்டுகிறேன். பாலிசி நகலை இணைத்திருக்கிறேன். செப்டம்பர் 9 இரவு குடோனில் பிடித்த தீயில் மூன்று தறியும், பாவு நூலும், ஊடை நூல் மூட்டைகளும் போயின. 6,80,000 ரூபாய்க்குக் கிளெய்ம் போட்டேன். நவம்பர் 14 அன்று 'நிபந்தனைகளுக்கு உட்படாததால் நிராகரிக்கப்பட்டது' என்று போனில் ஒரு வரி மெசேஜ் வந்தது. எந்த நிபந்தனை என்று கேட்டால், "மேலிடத்து முடிவுங்க" என்கிறார் கவுண்டரில் இருப்பவர்.

பாலிசியின் எந்தப் பிரிவு, எந்த வரி, என் விஷயத்தில் அது எப்படிப் பொருந்துகிறது என்பதைக் கையெழுத்தோடு கடிதமாகக் கொடுங்கள். எல்லாக் காரணத்தையும் இப்போதே எழுதிவிடுங்கள், ஏனென்றால் மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பின்னால் வழக்கில் புதிதாகக் கிளப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அடுத்து சர்வேயர் அறிக்கை, இணைப்புகளும் போட்டோக்களும் சேர்த்து முழுசாக வேண்டும். பாலிசிதாரர் கேட்டால் நகல் தர வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. மூன்றாம் நாள் வந்தவர் பாதி கருகிய பாவு பீமைக் காலால் உருட்டிப் பார்த்துவிட்டு, மூலையில் சாம்பலோடு ஒட்டிக்கிடந்த கோன்களை எண்ணாமலே கிளம்பினார். பத்து மூட்டை என்று நான் சொன்னதை என்னவென்று எழுதினார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

பிறகு விசாரணைக்கு வந்தவருடைய அறிக்கை. அவர் என்னிடம் பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது, டீக்கடையில்தான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார், தறி ஒரு மாதமாக நின்று கிடந்ததா என்று கேட்டாராம். கூலி தகராறில் நான்கு நாள் நின்றது உண்மை, அதை நான் மறைக்கவில்லை, மின்கட்டண ரசீதும் தந்திருக்கிறேன். யார் என்ன வாக்குமூலம் கொடுத்தார்கள் என்பதைப் பார்க்காமல் நான் எதற்குப் பதில் சொல்வது?

நூல் என்னுடையதல்ல, கூலிக்கு நெய்யக் கொடுத்த உற்பத்தியாளருடையது என்பதுதான் காரணம் என்றால் அதையும் வெளிப்படையாக எழுதுங்கள். டெலிவரி சலான் எல்லாம் முதல் நாளே ஒப்படைத்துவிட்டேன். தறி மூன்றும் என்னுடையவை, அதற்கு ஏன் பணம் இல்லை என்று தனியாகச் சொல்லுங்கள்.

இதைக் குறைதீர்ப்பு அலுவலருக்கும் அனுப்பியிருக்கிறேன். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை என்றாலோ, வரும் பதில் சரியாக இல்லை என்றாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது.

பதிலை இதே மின்னஞ்சலுக்கும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். போனில் சொன்னால் கணக்கில் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
பாலிசிதாரர், விசைத்தறிக் கூடம், பல்லடம்
18.11.2025