பணிச் செயலிப் படி பெறத் தேவையான குறைந்தபட்சக் கைபேசித் தகுதிகள்: களப் பணியாளர்களுக்கான அறிவிப்பு

அனைத்துக் களப் பணியாளர்களின் கவனத்திற்கு,

சொந்தக் கைபேசியில் பணிச் செயலியைப் பயன்படுத்துவோருக்கான மாதாந்திரப் படி, 2026 மார்ச் 1 முதல், பின்வரும் தகுதிகள் உள்ள கைபேசிகளுக்கு மட்டுமே வழங்கப்படும். செயலியின் புதிய பதிப்பு வருகைப் பதிவு, புகைப்படம், இருப்பிடம், வாடிக்கையாளர் கையொப்பம் ஆகிய நான்கையும் ஒரே பதிவாக அனுப்புவதால், பழைய கைபேசிகளில் அது இடையில் நின்றுவிடுகிறது. வெயிலில் அலைந்து முடித்த வேலை கணக்கில் ஏறாமல் போகும் நிலை எவருக்கும் நேரக் கூடாது என்பதற்காகவே இவ்வரையறை செய்யப்பட்டுள்ளது.

கைபேசி ஆண்ட்ராய்டு 12 அல்லது ஐஓஎஸ் 16, அல்லது அவற்றுக்குப் பிந்தைய பதிப்பில் இயங்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைபேசியில் 4 ஜிபி ரேம் இருக்க வேண்டும். ‘4+4 ஜிபி’ என்று விளம்பரப்படுத்தப்படும் கைபேசிகளில் இரண்டாவது எண், சேமிப்பகத்தின் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துவதையே குறிக்கிறது. அதன் வேகம் குறைவு என்பதால் முதல் எண் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். வாங்கும்போது இதைக் கட்டாயம் கேட்டறியுங்கள். சேமிப்பகம் 64 ஜிபி இருப்பதுடன், அதில் 8 ஜிபி எப்போதும் காலியாக இருக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடங்களில் எடுக்கும் படங்கள், இணைப்பு கிடைக்கும் வரை கைபேசியிலேயே காத்திருக்கும்.

4ஜி இணைப்பும் ஜிபிஎஸ் வசதியும் அவசியம். பின்பக்க கேமராவுக்கு 8 மெகாபிக்சல் போதும். ஆனால் ஆட்டோஃபோகஸ் இல்லாவிட்டால் பார்கோடு தெளிவாகப் பதியாது என்பதால் அது இல்லாத கைபேசி ஏற்கப்படாது. இருப்பிடச் சேவை இயங்கும் நிலையில் பேட்டரி ஒரு முழுப் பணிநேரம் தாங்க வேண்டும். ரூட் அல்லது ஜெயில்பிரேக் செய்யப்பட்ட கைபேசிகளில், வாடிக்கையாளர் விவரங்களின் பாதுகாப்பு கருதி, செயலி திறக்காது. இத்தகுதிகள் இருந்தால் பயன்படுத்திய கைபேசியும் ஏற்கப்படும். விலையுயர்ந்த புதிய கைபேசி எவரும் வாங்க வேண்டியதில்லை.

கைபேசியின் செட்டிங்ஸ் பகுதியில் பதிப்பு, ரேம், சேமிப்பக விவரங்கள் தெரியும் பக்கங்களைத் திரைப்பிடிப்பு எடுத்து, பிப்ரவரி 15-க்குள் உங்கள் மேற்பார்வையாளருக்கு அனுப்ப வேண்டும். பிப்ரவரி 25-க்குள் ஏற்பு அல்லது மறுப்பு, காரணத்துடன் எழுத்தில் தெரிவிக்கப்படும்.

தற்போது படி பெற்றுவருவோரின் கைபேசி தகுதி பெறாவிட்டாலும், மாற்றிக்கொள்ள அவகாசம் தரும் வகையில், மே 31 வரை அவர்களுக்குப் படி தொடரும். அதன் பிறகும் மாற்ற இயலாதவர்கள் நிறுவனத்தின் கைக்கருவியைக் கிளை அலுவலகத்தில் கையொப்பமிட்டுப் பெறலாம். அவர்களுக்குப் படி மட்டும் கிடைக்காது, ஊதியமோ பணி ஒதுக்கீடோ குறையாது.

மேலாளர்,
களப்பணிப் பிரிவு
2026 ஜனவரி 19